ஆரம்ப மீதியின் மறுபாதி எங்கே போகிறது?

புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பில்லிங் மென்பொருளை மாற்றுகிறோம். வாடிக்கையாளர் பாக்கி, சப்ளையர் பாக்கி, ஸ்டொக் எல்லாவற்றையும் புதியதில் ஏற்ற வேண்டும். சரியாக ஏறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பட்டியலை ஒவ்வொரு வரியாக ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கணக்கு தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது.

பாடசாலையில் படித்த இரட்டைப் பதிவுதான் அடிப்படை. வரவில் ஒரு தொகை விழுந்தால் செலவிலும் அதே தொகை விழ வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு 50,000 ரூபா ஆரம்ப மீதி என்று தட்டினால், அவர் கணக்கில் வரவு விழுகிறது. மறுபாதி? விற்பனையில் போட முடியாது, அந்த விற்பனை போன வருடத்தோடு முடிந்துவிட்டது. அதனால் அது ஒரு தற்காலிகத் தொங்கல் கணக்கில் போய் உட்காருகிறது. Tally இதை `Difference in opening balances` என்று திரையில் காட்டும். அப்படித் தானாகக் காட்டாத மென்பொருளில் நீங்களே ஒரு தொங்கல் கணக்கைத் திறந்துகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குத்தான். ஒரு கடையின் மார்ச் 31 பரீட்சை மீதி இப்படி இருக்கிறது என்று வைப்போம்: வாடிக்கையாளர் பாக்கி 18 இலட்சத்து 40 ஆயிரம், ஸ்டொக் 42 இலட்சம், காசும் வங்கியும் கையிலுள்ள காசோலைகளும் சேர்ந்து 6 இலட்சத்து 10 ஆயிரம், சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது 23 இலட்சத்து 50 ஆயிரம். வாடிக்கையாளர்களை ஏற்றி முடித்ததும் தொங்கல் கணக்கில் செலவுப் பக்கம் 18.4 இலட்சம் நிற்கும். ஸ்டொக்கையும் ஏற்றினால் 60.4. சப்ளையர்களை ஏற்றினால் 36.9 ஆகக் குறையும். காசு, வங்கி, காசோலை ஏறியதும் 43 இலட்சம். அந்த 43 இலட்சம்தான் முதலாளியின் மூலதனம்! யாரும் தட்டாமலே, மற்ற எல்லாவற்றின் மிச்சமாக அது வந்து நிற்கிறது. பழைய பரீட்சை மீதியில் உள்ள மூலதனத்தை எடுத்துப் பதிந்தால் தொங்கல் கணக்கு பூச்சியமாகும்.

பூச்சியமாகாவிட்டால், மிஞ்சும் தொகையே துப்பு. முதல் கட்டத்தில் 18.4க்குப் பதிலாக 19.1 காட்டுகிறது என்று வையுங்கள். 70,000 கூடிவிட்டது. அதன் பாதி 35,000. பழைய பட்டியலில் 35,000ஐத் தேடினால், முற்பணம் கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் பெயர் அகப்படும். நாம் அவருக்குத் தர வேண்டிய பணம், அவர் நமக்குத் தர வேண்டியதாக ஏறியிருக்கிறது. பக்கம் மாறினால் பிழை எப்போதும் இரண்டு மடங்காகத்தான் தெரியும்.

வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதா என்று பாருங்கள். சப்ளையரின் 263,000ஐ 236,000 என்று தட்டினால் வித்தியாசம் 27,000. 27ஐ 9ஆல் வகுத்தால் 3. அதாவது, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் 3 வித்தியாசம், இங்கே 6உம் 3உம். ஆனால் இந்தப் பிழையும் முன்னைய பிழையும் ஒன்றாகச் சேர்ந்தால் 97,000 என்றுதான் தெரியும், அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு பட்டியலும் ஏறியவுடன் நின்று பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்டொக்கில் வழக்கமான பிழை, வாங்கிய விலைக்குப் பதில் விற்கும் விலை ஏறிவிடுவது. அளவெல்லாம் சரியாக இருக்கும், பெறுமதி மட்டும் ஊதிப்போயிருக்கும். இரண்டாம் கட்டத்தில் 60.4க்கு மேலே போனால் முதலில் இதைப் பாருங்கள்.

நல்ல நேரம் பார்த்துச் சித்திரைப் புத்தாண்டில்தான் புதுக் கணக்கு தொடங்க வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பூசையை அன்று வையுங்கள், மென்பொருளை ஏப்ரல் 1 முதல் ஓட விடுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான வியாபாரங்களுக்குக் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. அதற்குப் பிறகு மாறினால் இடைப்பட்ட நாட்களின் விற்பனை, கொள்வனவு, செலவு எல்லாம் ஆரம்ப மீதிக்குள் கலந்துவிடும். நாள் நட்சத்திரத்துக்காக இத்தனை வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூச்சியம் வந்தாலும் அகப்படாத பிழைகள் உண்டு. ஒருவரின் பாக்கி இன்னொருவர் பெயரில் ஏறினால் மொத்தம் மாறாது. பின்திகதியிட்ட காசோலையும் அப்படித்தான். ஏப்ரல் 25 திகதியிட்ட 120,000 ரூபா காசோலை லாச்சியில் இருக்கிறது. பழைய மென்பொருள் அதை வாங்கிய அன்றே வாடிக்கையாளர் பாக்கியில் கழித்துவிட்டது. அதை வங்கி மீதியோடு சேர்த்து ஏற்றினாலும் தொங்கல் கணக்கு பூச்சியம்தான் காட்டும். வங்கிக் கூற்றோடு ஒப்பிடும்போதுதான் 120,000 இடிக்கும். கையிலுள்ள காசோலைகளுக்குத் தனிக் கணக்கு திறந்து, திகதி, இலக்கம், கொடுத்தவர் பெயரோடு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். காசோலை திரும்பி வந்தால் யார் பெயரில் பாக்கியை மீண்டும் எழுதுவது என்று அப்போது தெரியும்.

பாக்கியையும் பில் பில்லாக, பழைய திகதியோடு ஏற்றுங்கள். ஏப்ரல் 1 என்று ஒரே தொகையாக ஏற்றினால், ஜனவரியிலிருந்து கட்டாதவரும் நேற்று வாங்கியவர் மாதிரித்தான் பட்டியலில் தெரிவார்.