போனஸ் கணக்கு: 7,000 ரூபாயோடு நின்றுவிடாதீர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் தீபாவளி நெருங்கும்போது தொழிற்சாலைகளில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: “சீலிங் 7,000 ரூபாய், அதில் 8.33 சதவீதம்.” சீலிங் என்றால் போனஸ் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு. ஆனால் அந்தப் பேச்சு பாதிக் கணக்குதான். மீதிப் பாதியில்தான் தொழிலாளியின் பணம் இருக்கிறது.

முதலில், போனஸ் உங்களுக்கு உண்டா? 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கு ஆண்டில் குறைந்தது 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இங்கே சம்பளம் என்பது பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும். வீட்டு வாடகைப் படி, ஓ.டி., இன்சென்டிவ் எதுவும் சேராது. அதனால் மொத்தம் 24,000 வாங்குகிறவர் தனக்கு இல்லை என்று ஒதுங்க வேண்டாம், சம்பளச் சீட்டில் அந்த இரண்டு வரிகளை மட்டும் கூட்டிப் பார்க்கட்டும்.

அடுத்தது சீலிங். 2015 திருத்தம் சொல்வது 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. பல தொழில்களில் குறைந்தபட்ச ஊதியம் 7,000 ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 14,500 ரூபாய் வாங்கும் ஒருவர் 2024 ஆகஸ்ட் 1 அன்று வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் வரை 8 மாதம்.

```
12,500 × 8 × 8.33 ÷ 100 = 8,330
 7,000 × 8 × 8.33 ÷ 100 = 4,664.80
```

சீலிங்கைத் தவறாக எடுத்ததால் மட்டும் 3,665 ரூபாய் போகிறது. லாபத்தைப் பொறுத்து நிர்வாகம் 20 சதவீதம் வரை தரலாம். அப்படியானால் முதல் வரி 20,000 ஆகும். 8.33க்குக் கீழே மட்டும் இறங்க முடியாது. புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைக்கு முதல் சில ஆண்டுகள் சலுகை உண்டு, லாபம் வந்த ஆண்டுக்குத்தான் போனஸ்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதங்களில் சீலிங்கும் அந்த நாட்களுக்கு ஏற்பக் குறையும். ஆனால் சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, லே-ஆஃப், சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு, வேலையில் விபத்து நேர்ந்து படுத்த நாட்கள் எல்லாம் வேலை செய்த நாட்களாகவே கணக்கில் வர வேண்டும். பெரும்பாலும் விபத்து நாட்களைத்தான் வெட்டுகிறார்கள், அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் முடிந்தால் நவம்பர் 30க்குள், பணம் கைக்கு வர வேண்டும். வரவில்லை, அல்லது சீலிங் இடிக்கிறது என்றால், “எந்தத் தொகையை அடிப்படையாக எடுத்தீர்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அந்தக் கடித நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம்.

2025 நவம்பர் 21 முதல் 1965ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் 8.33 மாறவில்லை. 7,000, 21,000 என்ற தொகைகள் சட்டத்தில் எழுதப்படாமல் அரசு அறிவிக்கைக்கு விடப்பட்டிருக்கின்றன. ஆகவே அடுத்த தீபாவளிக் கணக்குக்கு, அந்த நேரத்தில் அமலில் இருக்கும் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.