பைசா போயாச்சு, சலான் வரவில்லை: இரண்டாவது முறை கட்டும் முன்

மாதா மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணி தாண்டிவிட்டால் மார்த்தாண்டத்தில் என் அலுவலக போன் ஓயாது. மாதாந்திர ஜிஎஸ்டி கட்டுபவர்களுக்கு 3பி ரிட்டர்ன் போட அன்றுதான் கடைசி நாள். நாடு முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகிறார்கள். பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும், அப்புறம் வெள்ளையாகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "பைசா போயிட்டு, சலான் வரல்ல, இன்னொரு தடவ கட்டட்டா?"

சென்ற ஆண்டு இப்படி ஒருவர் எனக்கு போன் செய்யாமலே இரண்டாவது முறை கட்டிவிட்டார். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் அண்ணாச்சி அவர். அந்த மாதம் அவர் ரொக்கமாகக் கட்ட வேண்டியது 48,600 ரூபாய், அதாவது மத்திய வரி 24,300, மாநில வரி 24,300. இரவு 7.40-க்கு சலான் எடுத்து, நெட் பேங்கிங்கில் ஓடிபி போட்டார். பக்கம் நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்தில் பணம் பிடித்த எஸ்எம்எஸ் வந்தது. போர்ட்டலில் பார்த்தால் சலானின் நிலை Initiated என்றே இருக்கிறது, கேஷ் லெட்ஜரில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. எட்டு மணிக்குப் புதிதாக இன்னொரு சலான் எடுத்து மறுபடியும் 48,600 கட்டினார். அது உடனே ஏறியது, ரிட்டர்னும் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு முதல் சலானும் Paid ஆகிவிட்டது. வங்கிக் கணக்கில் இருந்த ஒரு லட்சத்து ஏழாயிரத்தில் மிச்சம் 9,800. சிறு விவசாயி ஒருவருக்கு ஷீட்டுக்காகக் கொடுத்திருந்த 35,000 ரூபாய் காசோலை அன்று மதியம் திரும்பிவிட்டது. "மக்ளே, நான் கள்ளன்னு ஆயிட்டேனே" என்று அவர் போனில் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

இங்கே நடந்தது என்ன? பணம் பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததைப் போர்ட்டலுக்குச் சொல்வது இன்னொரு வேலை. நாம் ஓடிபி போட்டதும் வங்கியின் கணினி கணக்கில் பற்று வைத்துவிடுகிறது. அந்தச் செய்தி நம் திரை வழியாகவே போர்ட்டலுக்குத் திரும்பிப் போக வேண்டும். கூட்ட நேரத்தில் அந்தப் பாலம்தான் அறுந்துபோகிறது. நம் மொபைல் டேட்டா ஒரு நிமிடம் விட்டுப்போனாலும் இதேதான் ஆகும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மழை நாளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாலம் அறுந்தாலும் பணம் தொலைவதில்லை. வங்கியும் போர்ட்டலும் பின்னால் தனியாக ஒத்துப்பார்த்துக்கொள்கின்றன, அது முடிந்ததும் நிலை மாறும். Initiated என்றால் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. வேலை தொடங்கியது, வங்கியிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பக்கம் நின்றதும் ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின்னால் போகும் பொத்தானையும் தொடாதீர்கள். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். சலான் எடுத்ததும் CPIN என்று 14 இலக்க எண் ஒன்று வரும். பணம் கட்டப் போகும் முன்பே அதை ஒரு தாளில் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாத் தேடலும் அந்த எண்ணை வைத்துத்தான். சலானுக்கு 15 நாள் ஆயுள் உண்டு, ஒரு பக்கம் நின்றுபோனதால் அது செத்துவிடாது.

அடுத்து இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். முதலாவது வங்கிக் கணக்கு. எஸ்எம்எஸ் தாமதமாகவும் வரும், வராமலும் போகும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். வங்கி ஆப்பில் ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து, அந்தத் தொகைக்குப் பற்று விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விழுந்திருந்தால் அதன் அருகே இருக்கும் வங்கிக் குறிப்பு எண்ணையும் CPIN-க்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம் போர்ட்டல். லாகின் செய்ய முடியாத அளவுக்கு நெரிசல் என்றால் முகப்புப் பக்கத்தில் Services, அதில் Payments, அதில் Track Payment Status என்று போனால், ஜிஎஸ்டி எண்ணும் CPIN-ம் கொடுத்துப் பார்த்துவிடலாம். லாகின் செய்ய முடிந்தால் அதே இடத்தில் Challan History இருக்கும்.

நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: இரண்டு இடமும் ஒரே பதிலைச் சொல்லும்வரை கை வைக்காதீர்கள். வங்கியில் பற்று இல்லை, போர்ட்டலிலும் தோல்வி என்று முடிவாக வந்துவிட்டது என்றால் தாராளமாக மறுபடி கட்டலாம். வங்கியில் பற்று இருக்கிறது, போர்ட்டலில் Initiated என்றால் கட்டவே கூடாது, மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். குழப்பமானது மூன்றாவது நிலை. பற்றும் இல்லை, போர்ட்டலும் Initiated என்றே நிற்கிறது. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நெரிசல் நேரத்தில் வங்கியின் பற்றே சில நேரம் பிந்தி விழும். அரை மணி நேரமாவது விட்டு, மறுபடி ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பாருங்கள். அப்போதும் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த முயற்சி. யுபிஐயில் கட்டும்போது பெண்டிங் என்று காட்டினால் அதுவும் இந்த மூன்றாவது நிலைதான். தோல்வி என்றோ வெற்றி என்றோ ஆப் முடிவாகச் சொல்லும்வரை விட்டுவிடுங்கள்.

பற்று விழுந்துவிட்டது, ஆனால் போர்ட்டல் Failed என்று காட்டுகிறது என்றால் பெரும்பாலும் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பி வைக்கும். யுபிஐக்கும் கார்டுக்கும் ரிசர்வ் வங்கி 2019-இல் கெடு வைத்திருக்கிறது: வியாபாரப் பரிவர்த்தனையில் கணக்கில் பிடித்து, அந்தப் பக்கம் உறுதி போகவில்லை என்றால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். திரும்பி வந்ததை ஸ்டேட்மெண்ட்டில் பார்த்த பிறகு கட்டுவதுதான் பத்திரம்.

"கெடு தாண்டிவிடுமே சார்" என்பார்கள். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். அண்ணாச்சி அன்றிரவு கை வைக்காமல் மறுநாள் காலைவரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரிட்டர்ன் ஒரு நாள் பிந்தியதற்குத் தாமதக் கட்டணம் 50 ரூபாய், மத்திய வரிப் பக்கம் 25, மாநில வரிப் பக்கம் 25. அது அடுத்த மாத ரிட்டர்னில் தானாக வந்து நிற்கும். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். 48,600-க்கு ஒரு நாளைக்கு 24 ரூபாய். அந்த 24 ரூபாயும் அவருக்கு வந்திருக்காது. காரணம், அரசின் கணக்குக்கு வங்கியில் பணம் வரவான தேதிதான் கேஷ் லெட்ஜரில் செலுத்திய தேதியாகக் கொள்ளப்படும். கெடு தேதிக்குள் லெட்ஜருக்குள் வந்து, ரிட்டர்ன் போடும்வரை அங்கேயே கிடக்கும் தொகைக்கு வட்டி இல்லை என்று 2024 ஜூலையில் விதி 88பி-யில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். போர்ட்டல் திரையில் மறுநாள்தான் தெரிந்தது என்றாலும், அவருடைய முதல் கட்டணத்தின் சலானில் 20-ஆம் தேதியே இருந்தது. ஆக, அன்றிரவு கை வைக்காமல் இருந்திருந்தால் செலவு 50 ரூபாய். இதற்குப் பயந்துதான் 48,600 முடங்கியது, காசோலையும் திரும்பியது.

பற்று விழுந்து 24 மணி நேரம் ஆகியும் லெட்ஜரில் ஏறவில்லை என்றால் PMT-07 என்ற புகார்ப் படிவம் இருக்கிறது. அதே Payments பகுதியில் Grievance against Payment என்று தேடினால் கிடைக்கும். அங்கே CPIN, கட்டிய தேதி, தொகை, வங்கிக் குறிப்பு எண் எல்லாம் கேட்கும். முதலிலேயே தாளில் எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கூடவே உங்கள் வங்கிக் கிளைக்கும் அதே விவரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி அடித்துவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் இந்தத் தேடலுக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள். பணம் திரும்பி வர ஓடிபியும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும்.

தெரியாமல் இரண்டு முறை கட்டிவிட்டவர்களுக்கும் ஜிஎஸ்டியில் ஒரு ஆறுதல் உண்டு. கூடுதல் தொகை தொலையாது, உங்கள் கேஷ் லெட்ஜரிலேயே கிடக்கும். அடுத்த மாத வரிக்குக் கழித்துக்கொள்ளலாம். அல்லது RFD-01 படிவத்தில், லெட்ஜரில் கூடுதலாக உள்ள இருப்பு என்ற காரணத்தைத் தேர்ந்து திரும்பக் கேட்கலாம். ஒரே மாதத்தில் செலவாகிவிடும் தொகை என்றால் ரீஃபண்டுக்கு அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. வரி அடுத்த மாதம் குறைவாக வரும், கையில் பணம் இப்போதே வேண்டும் என்றால் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

எனக்குத் தெரிந்தவரை இந்தத் தொல்லையை அடியோடு தவிர்க்க ஒரே வழிதான் இருக்கிறது. பணம் கட்டுவதையும் ரிட்டர்ன் போடுவதையும் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். கேஷ் லெட்ஜருக்குள் எப்போது வேண்டுமானாலும் பணம் போடலாம், அதற்கு ரிட்டர்ன் தயாராக இருக்கத் தேவையில்லை. 14-ஆம் தேதி 2பி வந்துவிடும், உள்வரி எவ்வளவு என்று அன்றே தெரியும். 16 அல்லது 17-ஆம் தேதி காலையில் உட்கார்ந்து தொகையைப் போட்டுவிட்டால், பக்கம் நின்றாலும் காத்திருக்க மூன்று நாள் கையில் இருக்கும். 20-ஆம் தேதி இரவு நெரிசலில் செய்ய வேண்டியது லெட்ஜரில் கழித்து ரிட்டர்னை அனுப்புவது மட்டும்தான், அதில் வங்கிக்கே வேலை இல்லை.

அண்ணாச்சிக்கு அடுத்த மாத வரி 41,200 வந்தது. லெட்ஜரில் கிடந்த 48,600-இல் கழித்ததுபோக, இரண்டு பக்கமும் சேர்த்து 7,400 மிச்சம். அதற்கு அடுத்த மாதம் 17-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு அவரே போன் செய்தார். "மக்ளே, மீதியப் போட்டுட்டேன். நம்பர எழுதிக்கோ" என்று 14 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.