கிழங்கான் கல்லில் உடைவது ஏன்?

எங்கள் மெஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாள் பொரித்த எட்டு கிழங்கானில் ஐந்து உடைந்துபோயின. "மீன் பழசுண்ணே" என்றான். அன்று விடியற்காலையில் காசிமேட்டில் நானே பார்த்து வாங்கியது, செவுளில் சிவப்பு மாறவில்லை. மீன் மேல் பழி போட முடியாது.

வெந்த மீனை விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரியும். அந்த இதழ்களை ஒட்டிவைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதத்தால் ஆன மெல்லிய சவ்வு. ஆட்டுக்கறியில் இது முரடாக இருக்கும், கரைய நேரமெடுக்கும். மீனிலோ கொஞ்சம்தான், சுமார் 50 டிகிரி தாண்டியதுமே இளகிவிடும். கிழங்கான் மாதிரி பஞ்சு மீன் வெந்துவிட்டால் உள்ளே பிடிமானமே இருக்காது. வெளியே முறுகிய மேல்தோல்தான் அதைத் தாங்க வேண்டும்.

பையன் செய்தது என்ன? மசாலாவைத் தண்ணீராகக் கரைத்து, எலுமிச்சையும் பிழிந்து, ஒன்றரை மணி நேரம் ஊறவைத்திருந்தான். புளிப்பில் அவ்வளவு நேரம் கிடந்தால் சதை தளர்ந்துவிடும். அப்புறம் சரியாகக் காயாத கல்லில் போட்டான். ஈரம் ஆவியாகி முடியும்வரை மீனின் மேற்பரப்பு முறுகவே முறுகாது. அதற்குள் சதை கல்லில் ஒட்டிக்கொள்ளும், உள்ளேயும் வெந்துவிடும். அந்த நேரத்தில் கரண்டியால் நெம்பினால் உடையாமல் என்ன செய்யும்?

மறுநாள் மீனைத் துணியால் ஒற்றி எடுத்து, கெட்டியான மசாலாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துத் தடவி, இருபது நிமிடம் மட்டும் வைத்தோம். கறிவேப்பிலையைப் போட்டால் சடசடக்கும் அளவுக்கு எண்ணெய் காய்ந்தபின் மீனைப் போட்டு, மூன்று நிமிடம் தொடவே இல்லை. தோசைத்திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பார்க்க வேண்டும். தானாகக் கழன்று வந்தால் திருப்பலாம். பிடித்துக்கொண்டால் அரை நிமிடம் பொறுக்க வேண்டும், சண்டை போடக்கூடாது.

வெந்ததா என்பதற்குக் கண் வெளுத்ததைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை, முள்ளோரம் வேகும் முன்பே கண் வெளுத்துவிடும். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில், நடுமுள் வரை ஒரு பல்குச்சியைக் குத்தி லேசாக நெம்புங்கள். சதை கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி, முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் வேக வேண்டும். பால் வெள்ளையாகி முள்ளை விட்டு வந்தால் சரி. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி. மீனின் விரிசல்களில் வெள்ளைத் திப்பிகள் கசிந்து, சதை நார்நாராக வறண்டால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள்.

வயிறு ஏற்கெனவே தளர்ந்து, அழுத்திய விரல் பள்ளம் மேலெழாத மீனுக்கு இந்த வித்தை எதுவும் பலிக்காது. அது குழம்புக்கும் தேறாது.

குழம்பு என்றால், புளிக்கரைசல் கொதித்து எண்ணெய் பிரிந்தபின் மீனைப் போட்டு, கரண்டிக்குப் பதில் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். மண்சட்டி அடுப்பை அணைத்தபின்னும் கொஞ்ச நேரம் கொதிக்கும். அதனால் முள்ளோரம் இன்னும் இம்மியளவு கண்ணாடி போல் இருக்கும்போதே அணைத்து மூடிவிடுகிறேன். இலைக்கு வரும்போது அதுவும் வெந்திருக்கும்.