ஓடுற காலுக்கும் நிமிருற முகத்துக்கும் நடுவுல

குளச்சல்ல எங்க வீட்டுல சீரியல் ஓடும்போது சின்னப் பையன் கடற்கரையில ஓடுவான், கேமரா காலுக்கு இறங்கும், திரும்ப மேல ஏறும்போது மீசை வச்ச ஆளு நிப்பான். அம்மா ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாவ, "பிள்ள வளந்துட்டாம்லா"ன்னு சொல்லிட்டு சாயாவ குடிப்பாவ. மூஞ்சி, உயரம், நிறம் எல்லாமே வேற, அப்புறம் எப்படி ஒரே ஆளுன்னு மூளை ஒத்துக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா கேள்வி.

1997ல டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ்னு ரெண்டு உளவியல்காரங்க ஒரு குட்டி வீடியோ எடுத்தாங்க. மேசைல ஒருத்தர் இருக்கார், போன் அடிக்குது, எழும்புறார், கட். அடுத்த ஷாட்ல நடையில வந்து போன எடுக்கிறது வேற நடிகர், சட்டையும் வேற. பார்த்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரு ஆள் மாறினதைச் சொல்லவே இல்ல. போன் அடிச்சதும் நம்ம மனசுல "யாரு எடுக்கப் போறா"ங்கிற கேள்வி வந்துடுது, அடுத்த ஷாட்ல எடுக்கிறவன் அந்தக் கேள்விக்குப் பதிலா வந்து உக்காந்துடுறான், அதனால மூஞ்சிய தனியா ஒப்பிட்டுப் பார்க்கணும்னே மூளைக்குத் தோணல. ஓடுற காலும் இதேதான், ஓட்டம் அறுபடாம இருக்கணும், வேகமும் போற திசையும் ரெண்டு ஷாட்லயும் ஒண்ணா இருக்கணும். இடமிருந்து வலமா ஓடுன பையன் கட்டுக்கு அப்புறம் வலமிருந்து இடமா வந்தா ஓட்டம் முறிஞ்சிரும், யாருடா இவன்னு கேட்கத் தோணும்.

ஆனா இது புதுமுகத்துக்குத்தான் எடுபடும். நல்லா பழகின முகத்த நாம எந்த வெளிச்சத்துலயும் எந்தக் கோணத்துலயும் கண்டுபிடிச்சுருவோம், அதனால ரெண்டு சீசன் பார்த்துப் பழகின நடிகைய கட்டுக்குள்ள ஒளிச்சு மாத்த முடியாது. 'தி கிரவுன்' சீரிஸ்ல எலிசபெத் ராணியா கிளேர் ஃபாய் நடிச்சாங்க, 2019ல மூணாவது சீசன்ல ஒலிவியா கோல்மன் வந்தாங்க. மாத்தினத மறைக்கவே இல்ல. முதல் எபிசோட் தொடக்கத்துலயே ராணிக்கு புது தபால்தலைப் படத்த காட்டுறாங்க, பழைய படத்துல ஃபாய் முகம், புதுசுல கோல்மன் முகம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. வயசாயிட்டுன்னு ராணியே பார்க்கிற மாதிரி வச்சதால, நம்ம மனசுல இருக்கிற ஒப்பீட்ட கதையே செஞ்சு முடிச்சிருது. கோல்மனுக்கு கண்ணு பழுப்பு, ராணிக்கு நீலம், லென்ஸ் வச்சுப் பார்த்து, கம்ப்யூட்டர்லயும் மாத்திப் பார்த்து, கடைசில பழுப்பாவே விட்டுட்டாங்க.

நம்ம சீரியல்ல நடிகர் விலகிட்டா "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு அட்டை போடுவாங்கல்லா, அதும் மறைக்காம சொல்லுற வழிதான், ஆனா அத கதைக்கு வெளியே நின்னு சொல்றதால அம்மாவுக்கு ஒட்டாது, நாலு நாளைக்கு "பழைய ஆளுதான் கொள்ளாம்"னு சொல்லிட்டே இருப்பாவ.