யோகா அறைக் கண்ணாடியில் ஒரு கை மட்டும் ஏன் உயர்ந்து தெரிகிறது?

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முகப்பு குறுகல், ஆனால் உள்ளே போகப் போக நீளம். அப்படி ஒரு வீட்டின் மாடியில் யோகா வகுப்பு நடத்துபவர் நீளச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தால் அறை இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். முகப்பில் மூன்று சன்னல்கள் இருந்தால் ஆறு தெரியும்.

தட்டையான கண்ணாடி எல்லாப் பொருளையும், அது முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில் பின்னால் காட்டும். அதனால் கண்ணாடிச் சுவரை நோக்கி நேராக ஓடும் தரைப்பலகைகளின் கோடுகள், பிம்பத்திலும் முறியாமல் நேராகவே தொடரும். பலகைகளைச் சாய்வாகப் பதித்திருந்தால் கோடு சுவரில் முட்டி அம்புமுனை போல மடங்கும். இரண்டுமே சரிதான். நேர்கோடு மடங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

விளக்கு விஷயம் இன்னும் சுவையானது. கண்ணாடிக்குள் தெரியும் பல்பு வெறும் காட்சி அல்ல, அந்தத் திசையிலிருந்து அறைக்குள் நிஜமாகவே வெளிச்சம் வருகிறது. கண்ணாடியின் உயரம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி, தரைக்கு 2.6 மீட்டர் மேலே ஒரு பல்பு தொங்குகிறது. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கண்ணாடியிலிருந்து 2 மீட்டரில் நிற்கிறார். பல்புக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து அவர் 1 மீட்டர் தள்ளி இருப்பதால் அவருடைய நிழல் பின்பக்கம் 1.6 மீட்டர் நீளும். பிம்பப் பல்போ கண்ணாடிக்குப் பின்னால் 1 மீட்டரில், அதாவது அவரிடமிருந்து 3 மீட்டரில் இருக்கிறது. அது தரும் நிழல் 4.8 மீட்டர் நீளும்! அறை குறுகலாக இருந்தால் எதிர்ச்சுவரில் ஏறிவிடும்.

இந்த இரண்டாவது நிழலைப் பலர் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது மங்கலானது. பிம்பப் பல்பு அதிகத் தூரத்தில் இருப்பதால் அவர் தலையை எட்டும் அதன் ஒளி, நிஜ பல்பின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணாடி கொஞ்சம் விழுங்கிவிடுவதால் அதுவும் குறையும். டியூப் லைட்டாக இருந்தால் ஓரங்கள் கரைந்து நிழலே தெரியாமல் போகலாம். கண்ணாடி தலை உயரம் வரைதான் என்றாலும் தலையின் நிழல் விழாது. பிம்பப் பல்பிலிருந்து தலைக்கு வரும் கதிர் கண்ணாடியில் ஏறக்குறைய 2.3 மீட்டர் உயரத்தில்தான் பட்டுத் திரும்புகிறது. அந்த உயரத்தில் கண்ணாடி இல்லாவிட்டால் கதிரும் இல்லை.

அப்புறம், அந்தக் கை. வீரபத்ராசனத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கிறார் ஆசிரியர். வலது கை மட்டும் ஒரு படி ஏறினாற்போலத் தெரிகிறது. தோளில் கோளாறோ என்று அவர் கவலைப்படுகிறார். கண்ணாடி பதித்தவர் வந்து சுவரோடு ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு அக்கா" என்று போய்விடுகிறார்.

சுவர் முழுக்க ஒரே கண்ணாடி கிடையாது, பல தகடுகளை அடுத்தடுத்து நிறுத்தியிருப்பார்கள். பழைய சுவரின் பூச்சு மேடுபள்ளமாக இருக்கும். பின்னால் போடும் பசையும் எங்கும் ஒரே கனத்தில் இருக்காது. 2.4 மீட்டர் உயரமுள்ள தகட்டின் மேல்முனை 2 செமீ முன்னே தள்ளியிருந்தாலே அரை பாகை சாய்ந்துவிடும். கண்ணாடி அரை பாகை சாய்ந்தால் பிம்பம் ஒரு பாகை திரும்பும், அதாவது எப்போதும் இரட்டிப்பு. 3 மீட்டரில் நிற்பவருக்கு அது 5 செமீ ஏற்றம். தகடுகளின் இணைப்பு அவருடைய மூக்குக்கு நேரே இருந்தால், ஒரு கை நேராகவும் மறு கை 5 செமீ மேலேயும் தெரியும். பாவம், தோள் என்ன செய்யும்?

சோதிக்க ஒரு நூல் போதும். கண்ணாடிக்கு இணையாக, 3 மீட்டர் தள்ளி, தோள் உயரத்தில் இருவர் நூலை இழுத்துப் பிடிக்க, நூலுக்குப் பக்கத்திலிருந்து மூன்றாமவர் அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் நூல் படி ஏறுகிறதோ அதன் இரு பக்கத் தகடுகளில் ஒன்று சாய்ந்திருக்கிறது. எது என்று தூக்குக்குண்டு சொல்லிவிடும். சாய்ந்த தகட்டைக் கழற்றி, பின்னால் சக்கை கொடுத்துத்தான் நிமிர்த்த முடியும்.

கண்ணாடி பதித்தவரும் பொய் சொல்லவில்லை. அரை மீட்டரில் நின்று பார்த்தால் அதே சாய்வு 9 மில்லிமீட்டர் விலகலைத்தான் காட்டும், அதுவும் இணைப்பின் கோட்டில் மறைந்துவிடும். வேலை முடிந்ததும் எதிர்ச்சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.