கருப்பட்டி ஏன் கசிகிறது?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரே நாளில் இரண்டு கடைகளில் கருப்பட்டி வாங்கினாராம். ஒன்று கல் மாதிரி இருக்கிறது, இன்னொன்று டப்பாவுக்குள்ளேயே கசிந்து பிசுபிசுக்கிறது. எது அசல்?

பதனீரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சீனி. அதைக் காய்ச்சி, பாகுப் பதத்தில் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஆனால் அது இறுகுமா இறுகாதா என்பது அடுப்புக்கு வருமுன்பே, பனை உச்சியில் முடிவாகிவிடுகிறது.

உடன்குடிப் பக்கம் என் பெரியப்பா பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதற்கு முன், அதன் உட்புறத்தில் சுண்ணாம்பை விரலால் மெல்லிசாகத் தடவுவார். பதனீரில் இருப்பது சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் ஃபுரக்டோஸ் ஒன்றும் கைகோத்த மூலக்கூறு அது. காற்றிலிருந்து விழும் ஈஸ்ட் அந்தக் கையைப் பிரித்துவிட்டுத்தான் கள்ளாக்கத் தொடங்கும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டுக்கு அந்த வேலை ஓடாது. பிரியாத சுக்ரோஸ் ஒரே அச்சில் வார்த்த செங்கல் போல அடுக்கடுக்காகப் படிந்து இறுகும். பிரிந்துவிட்டால் அளவு மாறிய கற்கள் நடுவே புகுந்து அடுக்கைக் குலைக்கும். ஃபுரக்டோஸ் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். பினாங்குக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

பங்குனியிலிருந்து ஆடி வரைதான் பருவம். மழை பட்ட பதனீர் நீர்த்துப்போய்ச் சீக்கிரம் புளிக்கும். அந்தப் பாகு எவ்வளவு கிண்டினாலும் இளகியே நிற்கும். அதில் வெள்ளைச் சீனியைக் கொட்டினால் இறுகிவிடும். ஆகவே கல்லாக இருப்பது அசலுக்கு அத்தாட்சி அல்ல, கசிவது கலப்படத்துக்கும் அத்தாட்சி அல்ல.

தண்ணீரில் கரைத்துப் பார்க்கச் சொல்லும் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். மண்ணும் மிஞ்சிய சுண்ணாம்பும் அடியில் தங்குவது தெரியும், அவ்வளவுதான். கரும்பின் சுக்ரோஸும் பனையின் சுக்ரோஸும் ஒரே மூலக்கூறு, நாக்குக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. கரிக்குத் தெரியும். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு. அதனால் கனமான கரியணுவான கார்பன்-13 கரும்புச் சீனியில் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஐசோடோப்பு அளக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இறக்குமதியாகும் கருப்பட்டிக்கு இந்தச் சோதனையை அரசுச் செலவிலேயே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நமக்கு விலைதான் துப்பு. ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டர் பதனீர் வேண்டும், ஏழு லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். அடுப்பின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு கிலோ விறகு எரியும். பனையேறியின் கூலி அதற்கு மேல். சீனியை விடச் சில காசுகளே கூடுதலாகக் கருப்பட்டி கிடைத்தால், அந்தக் கணக்கு பனையில் தொடங்கியிருக்காது. உங்கள் இரண்டு கட்டிகளில் கசிந்தது சுண்ணாம்பு குறைந்த நாளின் அசலாகவும் இருக்கலாம். அடுத்த முறை எந்த மாதம் காய்ச்சியது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.