மில்லில் பளிச்சென்று ஓடும் கேமரா, கடையில் ஏன் திக்குகிறது?

கேமரா மாட்டிக் கொடுத்த இடங்களிலிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. ரெக்கார்டரோடு இணைத்த டிவியில் படம் அருமையாக ஓடும். அதையே வெளியிலிருந்து திறந்தால் சிதறும், நின்று நின்று வரும். உடனே பழி கேமரா மேல் விழுகிறது. சிலர் இருந்த கேமராவைக் கழற்றிவிட்டு மெகாபிக்சல் கூடுதலான புதுக் கேமரா வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கு டேட்டா இன்னும் அதிகம் தேவைப்படும் என்பதால் திக்கலும் கூடிவிடுகிறது. ரெக்கார்டரில் நன்றாக ஓடுகிறது என்றால் கேமராவும் அதன் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு, ரெக்கார்டரிலிருந்து உங்கள் கைக்கு வரும் வழியில் இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு அரிசி மில். எட்டுக் கேமராக்கள், ஒரு ரெக்கார்டர். அந்த இடத்துக்கு ஃபைபர் வரவில்லை, 4ஜி ரூட்டர்தான். முதலாளிக்கு மதுரை சிம்மக்கல்லில் கடை. கடைக் கணினியிலிருந்து விபிஎன் என்ற தனி இணைப்பு வழியாக மில்லைப் பார்க்கிறார். எட்டில் அவருக்கு முக்கியமானது எடைமேடைக் கேமரா. லாரி ஏறி நிற்கும்போது நம்பர் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

“தம்பி, மில்லுல போய்ப் பார்த்தா நம்பர் பளிச்சுன்னு தெரியுது. கடையில உக்காந்து பார்த்தா வண்டியே கரைஞ்சு ஓடுது” என்றார்.

படம் ‘கரைகிறது’ என்று ஒருவர் சொன்னாலே எங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். லாரியின் முன்பக்கம் சரியாக இருக்கும், அதன் கீழே சாம்பல் நிறக் கட்டங்கள் இழுபட்டுக் கிடக்கும், இரண்டு விநாடி கழித்துப் படம் தானாகத் தெளியும், திரும்பவும் கரையும். நெட்வொர்க்கில் டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். கேமராப் படத்தின் பாக்கெட்டுகளை அனுப்ப யூடிபி, டிசிபி என்று இரண்டு வழிகள் உண்டு. படம் கரைவது யூடிபி வழியில் பாக்கெட் தொலைவதன் அடையாளம். டிசிபி வழியில் வரும் படம் இப்படிக் கரையாது. அதன் கோளாறு வேறு மாதிரி இருக்கும்: படம் அப்படியே உறைந்து நிற்கும், அப்புறம் தாவும், அல்லது நடந்து முடிந்ததைத் தாமதமாகக் காட்டும்.

யூடிபியில் அனுப்புகிறவர் பாக்கெட்டை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. டிசிபியில் பெறுகிறவர் ஒப்புதல் சொல்ல வேண்டும். வராத பாக்கெட் திரும்ப அனுப்பப்படும். அது வரும்வரை பின்னால் வந்தவையெல்லாம் காத்திருக்கும். மில்லுக்குள் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எட்டுக் கேமராவும் தலா 4 எம்பிபிஎஸ் அனுப்பினாலும் மொத்தம் 32தான். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் அது சாதாரணம். பாக்கெட் தொலைய அங்கே காரணமில்லை.

அந்த மில்லில் மதிய நேரத்து அப்லோட் வேகம் 6 எம்பிபிஎஸ் இருந்தது. கேமரா ஒரே காட்சியை இரண்டு அளவில் தரும், பெரியது மெயின் ஸ்ட்ரீம், சிறியது சப் ஸ்ட்ரீம். எடைமேடைக் கேமராவின் மெயின் ஸ்ட்ரீம் 4 எம்பிபிஎஸ். கணக்குப் பார்த்தால் இடம் இருக்கிறது. பிறகு ஏன் கரைகிறது என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான்கு என்பது சராசரி. கேமரா சீராக அனுப்புவதில்லை. இரண்டு விநாடிக்கு ஒரு முறை முழுப் படம் ஒன்றை அனுப்பும், அதற்கு ஐ-ஃபிரேம் என்று பெயர். நடுவில் வருவதெல்லாம் முந்தைய படத்திலிருந்து மாறியது என்ன என்ற குறிப்பு மட்டும்தான். இங்கே ஒரு ஐ-ஃபிரேம் சுமார் 200 கிலோபைட். அது ஏறக்குறைய 143 பாக்கெட்டுகளாகப் பிரியும். ரெக்கார்டர் அத்தனையையும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 16 மில்லிவிநாடியில் தள்ளிவிடும். 6 எம்பிபிஎஸ் அப்லோடில் அதை வெளியே அனுப்பக் கால் விநாடிக்கு மேல் ஆகும். நாலுவழிச் சாலையில் ஒன்றாக வந்த வண்டிகள் எல்லாம் ஒற்றைப் பாலத்துக்கு முன்னால் நிற்பது போல, பாக்கெட்டுகள் ரூட்டரின் வரிசையில் நிற்கும். வரிசை நிறைந்துவிட்டால் மீதியை ரூட்டர் வீசி எறியும். முழுப் படத்தில் ஒரு பாக்கெட் போனாலும் அடுத்த முழுப் படம் வரும்வரை அந்தச் சேதம் திரையில் இருக்கும். இரண்டு விநாடி கழித்துத் தானாகத் தெளிவது இதனால்தான்.

4ஜி போன்ற ரேடியோ இணைப்பில் வரிசை நிறையாமலே பாக்கெட் தொலைவதும் உண்டு. நூற்றுக்கு ஒன்று தொலைகிறது என்று வையுங்கள், கேட்க அற்பமாக இருக்கும். 143 பாக்கெட்டும் பத்திரமாக வந்து சேரும் வாய்ப்பு அப்போது நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சதவீத இழப்பே படத்தைப் பாழாக்கப் போதும்.

ஊகத்தில் எதையும் மாற்றாமல் இரண்டு கட்டளைகளை ஓட்டிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும். கடைக் கணினியில் ffplay என்ற வீடியோ பிளேயரில் முதலில் யூடிபி, அப்புறம் டிசிபி. முகவரியும் பாதையும் உங்கள் ரெக்கார்டருக்கு ஏற்ப மாறும்:

```
ffplay -rtsp_transport udp "rtsp://USER:PASS@192.168.10.20:554/PATH"
ffplay -rtsp_transport tcp "rtsp://USER:PASS@192.168.10.20:554/PATH"
```

முதல் கட்டளையில் படம் கரையும்போதெல்லாம் திரையில் `RTP: missed 37 packets` என்பது போன்ற வரிகள் ஓடின. இரண்டாவதில் அந்த வரிகளும் இல்லை, கரைதலும் இல்லை. இதே சோதனையை மில்லுக்குள் ஒரு லேப்டாப்பில் செய்தபோது இரண்டுமே சுத்தமாக ஓடின. இழப்பு 4ஜி அப்லோடில்தான் என்பது உறுதியானது. ஒரு எச்சரிக்கை: உங்கள் விபிஎன்னே டிசிபி மேல் ஓடுகிறது என்றால் இந்தச் சோதனை ஏமாற்றும். உள்ளே போகும் யூடிபியும் டிசிபி போலவே நடந்துகொள்ளும். இங்கே இருப்பது வயர்கார்டு என்ற விபிஎன், அது யூடிபி மேல் ஓடுவது.

இந்த இடத்தில் பலரும் கை வைக்கும் தவறான அமைப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெக்கார்டரின் கேமரா பக்கத்தில் `Transfer Protocol` போன்ற ஒரு தேர்வு இருக்கும். அதை டிசிபிக்கு மாற்றிவிட்டு “மாத்தியாச்சு” என்று போய்விடுகிறார்கள். அது கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு வரும் வழிக்கானது, அங்கே சிக்கலே இல்லை. ரெக்கார்டரிலிருந்து பார்ப்பவருக்குப் போகும் வழியைப் பார்ப்பவரின் மென்பொருளில்தான் மாற்ற வேண்டும். மில்லிலும் முன்பு வந்தவர் ரெக்கார்டரில் மாற்றியிருந்தார். கடைக் கணினியில் யூடிபி அப்படியே இருந்தது.

கடைக் கணினியில் டிசிபிக்கு மாற்றினோம். மதியம் முழுக்க நன்றாக ஓடியது. வரிசை நிறையும்போது டிசிபி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புகிறது. கால் விநாடி, அரை விநாடி தாமதம் யாருக்கும் உறைக்காது. சாயங்காலம் போன் வந்தது.

“இப்போ கரையல தம்பி. ஆனா வண்டி எடைமேடையை விட்டுப் போனப்புறம்தான் எனக்கு வண்டி வருது.”

“அண்ணே, இப்ப ரூட்டர் பக்கத்துல யாராவது இருந்தா ஸ்பீடு டெஸ்ட் போட்டு அப்லோட் மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

மூன்றுதான் இருந்தது. ஊரே வீடு திரும்பி மொபைலை எடுக்கும் நேரத்தில் டவரில் மில்லுக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு விநாடியும் 4 மெகாபிட் உருவாகிறது, 3 தான் வெளியே போகிறது. டிசிபி எதையும் விட்டுக்கொடுக்காது என்பதால் மீதி தேங்கும். ஒரு நிமிடத்தில் 45 விநாடிக்கான படம்தான் வந்து சேரும், நேரடிக் காட்சி 15 விநாடி பின்தங்கும். தேக்கம் ரெக்கார்டரின் கொள்ளளவைத் தாண்டினால் அது பழையதைக் கழித்துவிட்டுத் தாவும், அல்லது இணைப்பையே அறுத்துவிடும். டிசிபி இழப்பைச் சரிசெய்யும், இல்லாத வேகத்தை உண்டாக்காது. இழப்பு நிறைய இருந்தால் தன் வேகத்தையே சுருக்கிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. போய்வர 60 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில் ஒரு சதவீத இழப்பு இருந்தால், வழக்கமான டிசிபி இணைப்பு ஒன்றுக்குச் சுமார் 2.4 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும்.

ஆகவே ஸ்ட்ரீமைச் சுருக்கினோம். மெயின் ஸ்ட்ரீமைத் தொடவில்லை, பதிவு அதில்தான் நடக்கிறது. சப் ஸ்ட்ரீமை மட்டும் மாற்றினோம். சப் ஸ்ட்ரீம் பொதுவாக மிகச் சிறிய அளவில் வரும், அதில் லாரி நம்பர் படிக்க முடியாது. இந்தக் கேமராவில் அதை 1280×720 வரை ஏற்ற முடிந்தது. விநாடிக்கு 12 ஃபிரேம், 1024 கேபிபிஎஸ், ஐ-ஃபிரேம் இடைவெளி 24. அதாவது முழுப் படம் முன்போலவே இரண்டு விநாடிக்கு ஒன்று, ஆனால் ஒவ்வொன்றும் பழையதில் கால் பங்கு போல. எடைமேடையில் வண்டி நின்றுதான் எடை போடுகிறது என்பதால் 12 ஃபிரேம் தாராளம். மற்ற ஏழு கேமராவுக்கும் தலா 192 கேபிபிஎஸ். எட்டையும் ஒரே திரையில் திறந்தாலும் மொத்தம் 2.4 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்குகிறது, சாயங்காலத்து மூன்றுக்குக் கீழே. இப்போது டிசிபியில் வண்டி நிற்கும்போதே நம்பர் தெரிகிறது.

எல்லா இடத்திலும் டிசிபிதான் சரி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கேமராவைத் திருப்பிப் பார்க்கும் இடத்திலும், வாசலில் நிற்பவரோடு பேசும் இடத்திலும் ஒரு விநாடித் தாமதமே பெருந்தொல்லை. திருப்பிய கேமரா எங்கோ போய் நின்ற பிறகுதான் படம் வரும். அங்கே யூடிபியை வைத்துக்கொண்டு, விநாடிக்கு அனுப்பும் டேட்டாவான பிட்ரேட்டை இன்னும் குறைத்து, ஐ-ஃபிரேம் இடைவெளியை ஒரு விநாடியாக்கலாம். கரைந்தாலும் சீக்கிரம் தெளியும். பழைய பதிவை எடுத்துப் பார்ப்பதற்கு எப்போதும் டிசிபி, அங்கே தாமதம் ஒரு பொருட்டில்லை.

தயாரிப்பாளரின் மொபைல் செயலியில், க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து இணைப்பதில், பெரும்பாலும் இந்தத் தேர்வே இருக்காது. எது யூடிபி, எது டிசிபி என்று அதுவே முடிவு செய்யும். அங்கே உங்கள் கையில் இருப்பது சப் ஸ்ட்ரீமின் பிட்ரேட் மட்டும்தான்.

இன்னொன்று. திக்கலைத் தீர்க்கிறேன் என்று கேமராப் படம் போகும் 554 போர்ட்டை ரூட்டரில் உலகத்துக்கே திறந்துவிட யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படித் திறப்பதால் அப்லோட் வேகம் கொஞ்சமும் கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் பிடித்து ஆட்டிவைத்த கருவிகளில் பெரும் பகுதி, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களும் ரெக்கார்டர்களும்தான். இணைய இணைப்பு வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள டவுன்லோட் வேகத்தைப் பார்க்காமல், அப்லோட் எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை அளந்து, குறைவான எண்ணை வைத்து சப் ஸ்ட்ரீமை அமைக்கச் சொல்லுங்கள்.